சார்ஜர் போட்டால் மட்டும் தானாக ஓடும் திரை

போனைச் சார்ஜரில் மாட்டியிருக்கும்போது மட்டும் அது தன்னிஷ்டத்துக்கு நடக்கும். ‘க’ தட்டினால் ‘ப’ விழும். ஒரு படத்தைத் தொட்டால் வேறொரு படம் திறக்கும். செய்திகளை மேலே தள்ளினால் திரை நடுங்கி நின்று, சட்டென்று கீழே ஓடும். சில நேரம் யாருக்கோ அழைப்பே போய்விடும். வயரைப் பிடுங்கியதும் ஒன்றும் நடக்காததுபோல் திரை அடங்கிவிடும். செல்போன் கடைகளில் இதற்கு ‘கோஸ்ட் டச்’ என்று பெயர்.

இந்தக் குறையோடு கடைக்குப் போகிறவர்களில் பலருக்குக் கிடைக்கும் பதில், “டச் போயிடுச்சு, காம்போ மாத்தணும்” என்பதுதான். காம்போ என்றால் டிஸ்ப்ளேயும் டச்சும் ஒன்றாக ஒட்டி வரும் பாகம். ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதே சார்ஜரில் மாட்டினால் அதே ஆட்டம். வயரைப் பிடுங்கியதும் நிற்கிற கோளாறு என்றால், பெரும்பாலும் திரையில் ஒரு குறையும் இல்லை. கோளாறு சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜரில் இருக்கிறது. காசு செலவழிக்கும் முன்பு அதை வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளலாம்.

“வோல்டேஜ் அதிகமா வருது போல” என்றும் சிலர் சொல்வார்கள். அதுவும் சரியல்ல. இப்படிப்பட்ட சார்ஜரின் வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்தால் பெரும்பாலும் ஒழுங்காக 5 வோல்ட்டே காட்டும். பேட்டரியும் ஏறும். தொல்லை தருவது அந்த 5 வோல்ட் அல்ல. மல்டிமீட்டரின் இரண்டு முனைகளுக்கு நடுவில் அகப்படாத வேறொன்று. அதைப் புரிந்துகொள்ள, திரை விரலை எப்படி உணர்கிறது என்பதில் இருந்து தொடங்க வேண்டும்.

விரலைத் திரை உணரும் விதம்

கண்ணாடிக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கடத்திக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பல போன்களில் இவை இண்டியம் டின் ஆக்சைடு என்ற பொருளால் ஆனவை. ஒரு திசையில் ஓடும் கோடுகளில், டச் கன்ட்ரோலர் என்ற சிப், மின் துடிப்புகளை ஒவ்வொன்றாக அனுப்பும். மறு திசையில் ஓடும் கோடுகள் அந்தத் துடிப்பு எவ்வளவு வந்து சேர்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று கடக்கும் இடத்தில், அவை தொட்டுக்கொள்ளாமலேயே, சிறு மின்தேக்கி ஒன்று உருவாகியிருக்கிறது. அதன் வழியாகத்தான் துடிப்பு தாவுகிறது.

நாம் விரலை வைத்தால், தாவ வேண்டிய மின்னூட்டத்தில் கொஞ்சத்தை நம் உடல் இழுத்துக்கொள்ளும். கேட்கும் கோட்டில் அந்த அளவு குறையும். ‘இங்கே விரல்’ என்று சிப் முடிவு செய்யும். முழுத் திரையையும் அது ஒரு நொடியில் அறுபது, நூற்றிருபது முறை இப்படிச் சோதித்து முடிக்கிறது.

இதில் விரலால் ஏற்படும் மாற்றம் மிக மிகச் சிறியது. ஒரு பிகோஃபாரட்டில் பத்தில் சில பங்குதான். ஒரு பிகோஃபாரட் என்பதே ஒரு ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய சமிக்ஞையைப் பிடிக்கும் கருவிக்குப் பக்கத்தில், வீட்டு மின்சாரத்தை வெட்டி வெட்டித் தரும் ஒரு பெட்டியை மாட்டுகிறோம்.

சார்ஜருக்குள் நடப்பது

நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரத்தைச் சார்ஜர் முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. அப்போது அது 325 வோல்ட் அளவுக்கு உயரும். பிறகு ஒரு டிரான்சிஸ்டர் அதை நொடிக்குப் பல பத்தாயிரம் முறை, சில சார்ஜர்களில் லட்சம் முறைக்கு மேலும், வெட்டி விட்டு விட்டு ஒரு குட்டி டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்பும். இவ்வளவு வேகமாக வெட்டுவதால்தான் டிரான்ஸ்பார்மர் இத்தனை சிறிதாக இருக்க முடிகிறது; பழைய காலத்துக் கனமான அடாப்டர்கள் கைக்குள் அடங்கியதும் இதனால்தான்.

டிரான்ஸ்பார்மரின் மெயின்ஸ் பக்கச் சுருளுக்கும் போன் பக்கச் சுருளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. நம் உயிருக்குப் பாதுகாப்பே அந்தப் பிரிவுதான். ஆனால் இரண்டு சுருள்களும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றப்பட்டிருப்பதால் அவற்றுக்கு நடுவிலும், யாரும் வேண்டாமலே, ஒரு சிறு மின்தேக்கி உருவாகிவிடுகிறது. மெயின்ஸ் பக்கத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், இந்தத் தேவையற்ற மின்தேக்கி வழியே ஒரு சிறு தள்ளல் போன் பக்கம் கசிகிறது.

அந்தத் தள்ளல் பிளஸ் வயரை மட்டும் தள்ளுவதில்லை, மைனஸ் வயரை மட்டும் தள்ளுவதும் இல்லை. இரண்டையும் சேர்த்து, ஒரே அளவில், ஒரே நேரத்தில் மேலும் கீழும் ஆட்டுகிறது. மின்னணுப் பொறியாளர்கள் இதைக் ‘காமன் மோடு’ இரைச்சல் என்பார்கள். இரண்டு வயரும் சேர்ந்தே ஆடுவதால் அவற்றுக்கு நடுவே எப்போதும் 5 வோல்ட்தான் இருக்கும். மல்டிமீட்டர் அதைத்தான் காட்டுகிறது. பூமியோடு ஒப்பிட்டால் மட்டுமே போன் முழுவதும் ஆடிக்கொண்டிருப்பது தெரியும்.

பரிசலில் உட்கார்ந்து ஒருவர் தாளில் எழுதுகிறார் என்று வையுங்கள். பரிசல் எவ்வளவு ஆடினாலும் தாளும் அவரும் சேர்ந்தே ஆடுவதால் எழுத்து அவ்வளவாகக் கெடாது. கரையில் நிற்பவர் கையை நீட்டி அதே தாளில் பேனாவை வைத்தால், கை அசையாமல் இருந்தாலும் தாளில் கிறுக்கல்தான் விழும்.

சார்ஜரில் இருக்கும் போன் அந்தப் பரிசல். கரையில் நிற்பவர் நாம். நம் உடல் பூமியோடு இணைந்த பெரிய மின்பொருள். செருப்புப் போட்டிருந்தாலும் தரைக்கும் நமக்கும் நடுவே நூறு பிகோஃபாரட் அளவுக்கு மின்தேக்கம் உண்டு. ஆடிக்கொண்டிருக்கும் போனின் கேட்கும் கோட்டின் மேல், ஆடாத நம் விரலை வைக்கிறோம். அந்த ஆட்டம் முழுவதும் விரல் இருக்கும் இடத்தில் சமிக்ஞையாகக் கொட்டுகிறது.

இந்தக் கோளாறில் நான் எல்லோருக்கும் சொல்ல விரும்புவது இதைத்தான்: இரைச்சல் சார்ஜரில் பிறந்தாலும், திரைக்குள் நுழைவது பெரும்பாலும் நம் விரல் வழியாகத்தான். சார்ஜரில் மாட்டி மேசைமேல் சும்மா விட்ட போன் அமைதியாக இருந்து, தொட்ட மறுகணம் ஆடத் தொடங்குவது இதனால்தான்.

எளிய எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டச் சிப் 10 வோல்ட் துடிப்பை அனுப்புகிறது. விரலால் ஏற்படும் மாற்றம் 0.3 பிகோஃபாரட். அப்படியானால் அது எதிர்பார்க்கும் சமிக்ஞை 3 பிகோகூலும் மின்னூட்டம். இப்போது விரலுக்கும் கேட்கும் கோட்டுக்கும் நடுவே 1 பிகோஃபாரட் இருப்பதாக வைப்போம். போன் 1 வோல்ட் மட்டும் ஆடினால் உள்ளே நுழையும் இரைச்சல் 1 பிகோகூலும். சிப் பல தடவை அளந்து சராசரி எடுத்து அதைச் சமாளித்துவிடும். மோசமான சார்ஜரில் ஆட்டம் 20 வோல்ட் ஆனால் இரைச்சல் 20 பிகோகூலும். தேடுகிற சமிக்ஞையைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு. அந்த வெள்ளத்தில் எது விரல், எது விரல் இல்லை என்று சிப்பால் பிரிக்க முடியாது. ஐரோப்பாவில் பொதுச் சார்ஜருக்காக 2010-இல் வந்த இஎன் 62684 என்ற தரம், டச் திரைகள் வேலை செய்யும் அலைவரிசைகளில் இந்த ஆட்டத்துக்கு 1 வோல்ட் என்று எல்லை வகுத்தது இதை மனதில் வைத்துத்தான்.

மிச்சம் பிடிக்கப்பட்ட பாகங்கள்

நல்ல சார்ஜரிலும் டிரான்ஸ்பார்மர் கசியத்தான் செய்யும். கசிந்ததை வந்த வழியே திருப்பி அனுப்பும் ஏற்பாடு அதில் இருக்கும். இரண்டு சுருள்களுக்கு நடுவே மெல்லிய தாமிரத் தகடோ கூடுதல் சுருளோ வைத்துக் கவசம் கட்டுவார்கள். மின்சாரம் நுழையும் இடத்தில் வடிகட்டிச் சுருள் ஒன்று இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, மெயின்ஸ் பக்கத்தையும் போன் பக்கத்தையும் இணைத்து ‘ஒய் கெப்பாசிட்டர்’ என்ற சிறிய பாகம் நிற்கும். பெரும்பாலும் நீல நிற வில்லை போல இருக்கும். அளவு ஆயிரம் பிகோஃபாரட்டுக்குப் பக்கத்தில். டிரான்ஸ்பார்மர் வழியாகக் கசிந்த வேகத் துடிப்புகள் நம் உடலைச் சுற்றிப் பூமிக்குப் போவதற்குப் பதிலாக, இந்தக் குறுக்குவழியில் பிறந்த இடத்துக்கே திரும்பிவிடும்.

பஸ் ஸ்டாண்டிலும் நடைபாதையிலும் நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பெயரில்லாத சார்ஜர்களைத் திறந்து பார்த்தால் இந்தப் பாகங்கள்தான் காணாமல் போயிருக்கும். ஒரே ஒரு டிரான்சிஸ்டர், சில டயோடுகள், சுண்டுவிரல் நுனி அளவு கெப்பாசிட்டர், கவசமில்லாத டிரான்ஸ்பார்மர், அவ்வளவுதான். சார்ஜர்களைப் பிரித்து அளந்து எழுதிவரும் அமெரிக்கப் பொறியாளர் கென் ஷிரிஃப், 2012-இல் ஒரு டஜன் யுஎஸ்பி சார்ஜர்களை ஆய்வுக் கருவிகளில் சோதித்தார். அசலுக்கும் அதைப் போலவே அச்சடித்த போலிக்கும் வெளியீட்டின் சுத்தத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இருந்ததைப் படங்களோடு காட்டினார். வெளித்தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

ஒய் கெப்பாசிட்டரைப் பற்றி இன்னொரு செய்தி பலருக்கு வியப்பாக இருக்கும். உலோக உடல் கொண்ட போனைச் சார்ஜரில் வைத்துத் தடவினால் விரலில் சுரசுரவென்று ஓர் அதிர்வு தெரியும். “ஷாக் அடிக்குது, சார்ஜர் மோசம்” என்போம். அது பெரும்பாலும் ஒய் கெப்பாசிட்டர் வழியே வரும் மிகச் சிறிய 50 ஹெர்ட்ஸ் கசிவு. அளவு சில பத்து மைக்ரோ ஆம்பியர். இத்தகைய இரண்டு முள் சாதனங்களுக்குப் பாதுகாப்புத் தரம் அனுமதிக்கும் எல்லை 250 மைக்ரோ ஆம்பியர். ஆகவே, திரை ஒழுங்காக இயங்கக் காரணமான பாகம்தான் அந்தச் சுரசுரப்புக்கும் காரணம். அந்தச் சுரசுரப்பை வைத்து மட்டும் ஒரு சார்ஜரைப் போலி என்று தள்ளிவிட முடியாது. ஆனால் கையை இழுத்துக்கொள்ள வைக்கும் அளவுக்குச் சுளீரென்று அடித்தால் அது வேறு விஷயம். சுவிட்சை அணைத்துவிட்டு அந்தச் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். மலிவுச் சார்ஜர்களில் ஒய் கெப்பாசிட்டர் இருக்க வேண்டிய இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரை வைத்துவிடுவதும் உண்டு. அசல் ஒய் கெப்பாசிட்டர் பழுதானால் பாதை அறுந்துபோகும்படி தயாரிக்கப்படுவது. சாதாரணமானது பழுதானால் ஷார்ட் ஆகலாம். அப்போது 230 வோல்ட் நேராகப் போனுக்கு வரும்.

வீட்டிலேயே கண்டுபிடிப்பது

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர்களுக்கு இதைக் கண்ணால் பார்க்க வழி இருக்கிறது. செட்டிங்ஸில் About phone பகுதிக்குப் போய், Build number என்ற வரியை ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். சில போன்களில் இந்த வரி உள்ளே ஒரு படி தள்ளி இருக்கும். Developer options-க்குள் Pointer location என்பதை ஆன் செய்யுங்கள். திரையின் மேல்விளிம்பில் ஒரு பட்டை தோன்றும். அதன் இடது ஓரத்தில் P: என்று தொடங்கும் இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண், இந்த நொடியில் எத்தனை விரல்கள் திரையில் இருப்பதாகப் போன் நினைக்கிறது என்பது. இரண்டாவது, இந்தத் தொடுதலில் அதிகபட்சம் எத்தனை வந்தது என்பது.

முதலில் சார்ஜர் இல்லாமல் ஒரு விரலால் திரையில் மூலைக்கு மூலை மெதுவாக ஒரு கோடு இழுங்கள். கோடு வழுக்கிக்கொண்டு போகும். P: 1 / 1 என்று நிற்கும். இப்போது சந்தேகத்துக்குரிய சார்ஜரில் மாட்டி, போனை மரமேசையில் வைத்து, கையில் பிடிக்காமல் அதே கோட்டை இழுங்கள். கோடு ரம்பப் பல் போல உடைந்தாலோ, ஒரே விரல் வைத்திருக்கும்போது எண் 2, 3 என்று ஏறினாலோ, குற்றவாளி அகப்பட்டாயிற்று. விரலை அசைக்காமல் வைத்திருந்து, கூடுதலாக முளைக்கும் புள்ளிகள் எங்கே விழுகின்றன என்றும் பாருங்கள். அவை பெரும்பாலும் விரல் இருக்கும் இடத்துக்கு நேர் மேலோ கீழோ, அல்லது நேர் இடமோ வலமோ விழும். விரலுக்குக் கீழே ஓடும் கேட்கும் கோடு முழுவதும் இரைச்சல் பரவுவதால், அந்தக் கோட்டில் எந்த இடத்திலும் விரல் இருப்பதாகச் சிப் ஏமாறுகிறது. விரலோடு நேர்கோட்டில் நகரும் இந்தப் பொய்ப் புள்ளிகள், கோளாறு சார்ஜருடையது என்பதற்கு நல்ல அடையாளம்.

அடுத்த சோதனை இன்னும் எளிது. அதே வயரைச் சார்ஜரில் இருந்து கழற்றி ஒரு பவர் பேங்கில் மாட்டுங்கள். பவர் பேங்குக்கும் சுவர் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை; போனைப் பூமியிலிருந்து ஆட்டிவைக்க அங்கே பெரிதாக எதுவும் இல்லை. ஆட்டம் நின்றுவிட்டால் வயரும் நல்லது, திரையும் நல்லது, சார்ஜர்தான் கெட்டது.

சார்ஜர் இல்லாமலும் திரை தானாக ஓடினால் இந்தக் கட்டுரையின் விளக்கம் பொருந்தாது. பொய்த் தொடுதல் எப்போதும் ஒரே பட்டையில் வருவது, கீழே விழுந்த பிறகு தொடங்கியது, மழையில் நனைந்த பிறகு வந்தது, பேட்டரி உப்பித் திரையை மேலே தள்ளுவது, தரமில்லாத காம்போ மாட்டியது ஆகியவை உண்மையிலேயே கடைக்குப் போக வேண்டிய காரணங்கள். பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜ் போடுவதையே உடனே நிறுத்த வேண்டும்.

ஒரே சார்ஜரில் ஒரு போன் ஆடும், இன்னொன்று ஆடாது. சமிக்ஞையைப் பிடிக்கும் திறன் சிப்புக்குச் சிப் வேறுபடும். நல்ல சிப்கள் இரைச்சல் எந்த அலைவரிசையில் அதிகம் என்று முதலில் கேட்டுப் பார்த்து, அமைதியான வேறோர் அலைவரிசைக்குத் தாவிக்கொள்ளும். அது போதாதபோது, தொடுதலை ஏற்கும் அளவுகோலை உயர்த்திக்கொள்ளும். அப்போது பொய்த் தொடுதல் குறையும், ஆனால் உண்மையான தொடுதலும் சில நேரம் பதிவாகாது. சார்ஜ் ஏறும்போது திரை மந்தமாக இருக்கிறது, இரண்டு முறை தட்ட வேண்டியிருக்கிறது என்பவர்களின் புகாரும் இதே குடும்பம்தான்.

அதே போனில் காலையில் ஆடிய திரை மாலையில் ஆடாததற்கும் காரணம் உண்டு. மலிவுச் சார்ஜர்களில் பலவற்றின் வெட்டும் வேகம், போன் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். பேட்டரி காலியாக இருக்கும்போது ஒரு வேகம், நிறையப் போகும்போது வேறொரு வேகம். இரைச்சல் டச் சிப்பின் அலைவரிசையின் மேல் வந்து விழும் நேரத்தில் ஆட்டம் உச்சத்தில் இருக்கும், விலகியதும் குறையும். போனைக் கையில் ஏந்தினால் ஆட்டம் தணிவதையும் பலர் கவனித்திருப்பார்கள். உள்ளங்கை போனின் உடலோடு இணைவதால், போனுக்கும் விரலுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் குறைகிறது. கட்டிலிலோ மேசையிலோ கிடத்தி ஒற்றை விரலால் தட்டும்போதுதான் நிலைமை மோசம். மூன்று முள் அடாப்டரை எர்த் இல்லாத எக்ஸ்டென்ஷனில் மாட்டும்போது லேப்டாப்பின் டச்பேடில் அம்பு துள்ளுவதும் இதே காரணத்தால் வரக்கூடியதுதான்.

தடித்த ஸ்கிரீன் கார்டு சமிக்ஞையை இன்னும் மெலியவைக்கும். அதைச் சமாளிக்க ‘டச் சென்சிட்டிவிட்டி’யைக் கூட்டி வைத்திருந்தால் இரைச்சலுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும், அதை அணைத்தால் ஓரளவு குறையும். வயரில் மாட்டும் உருளையான ஃபெரைட் மணிகளை வாங்கிப் பயனில்லை. அவை மெகாஹெர்ட்ஸ் அளவிலான வேக இரைச்சலை அடக்குபவை. இங்கே தொல்லை தரும் சில நூறு கிலோஹெர்ட்ஸில் அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. போனை ரீசெட் செய்வதும் வீண்.

தீர்வு சார்ஜரை மாற்றுவது ஒன்றுதான். போனோடு வந்த சார்ஜர் இல்லையென்றால், வாங்கும் சார்ஜரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையும், அதோடு R- என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை BIS Care செயலியில் போட்டால், அது யாருக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுக்கப்பட்டது என்று காட்டும். பெட்டியில் இருக்கும் பெயரும் செயலி காட்டும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். இந்தப் பதிவு மின் பாதுகாப்புக்கானது. டச் இரைச்சலை அளந்து தரும் சான்று அல்ல. என்றாலும் மெயின்ஸ் பக்கத்துக்கும் போன் பக்கத்துக்கும் நடுவே போதிய இடைவெளி விட்டு, முறையான பாகங்கள் போட்டுச் செய்த சார்ஜர்கள் பெரும்பாலும் திரையையும் ஆட்டுவதில்லை.

திரையை ஆட்டுகிற சார்ஜர் எல்லாமே உயிருக்கு ஆபத்தானது என்று சொல்ல முடியாது. ஆனால் வடிகட்டியிலும் கவசத்திலும் காசு மிச்சம் பிடித்தவர், 230 வோல்ட்டையும் உங்கள் கையையும் பிரிக்கும் காப்பில் மட்டும் தாராளம் காட்டியிருப்பார் என்று நம்ப இடமில்லை. அப்படிப்பட்ட சார்ஜரைப் பழைய போனுக்கு ஆகும் என்று மேசை டிராயரில் போட்டுவைக்காதீர்கள். பிள்ளைகளின் போனுக்கோ வீட்டுப் பெரியவர்களின் போனுக்கோ கொடுத்துவிடவும் வேண்டாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்துவிடுங்கள்.